டாரட் கற்ற ஆயா: சிறுகதையில் மரணச் சீட்டு வரலாமா?

மாந்தோப்பு | ஜூன் 3, இரவு 9.10

பாலக்கோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடக்கும் சிறுகதை. ஆயாவுக்கு வயது 68. பெங்களூரிலிருந்து வந்த பேத்தி திவ்யா பெட்டியில் போட்டு வைத்திருந்த டாரட் சீட்டுக்கட்டை ஆயா எடுத்துப் பழகிவிடுகிறாள். திவ்யா குரூப் 2 எழுதிவிட்டு ரிசல்டுக்காகக் காத்திருக்கிறாள். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைத் திறந்து பார்க்கிறாள். ஒரு ராத்திரி ஆயா அவளுக்கு மூன்று சீட்டு எடுக்கிறாள்: முன்பு நடந்தது, இப்போது நடப்பது, இனி நடக்கப்போவது. மூன்றாவதாக மரணச் சீட்டு. பேத்தி அலறுகிறாள். "இது சாவு இல்லடி, மாற்றம்" என்கிறாள் ஆயா. பேத்தி தூங்கிவிடுகிறாள். கதை முடிகிறது.

டாரட் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது நிற்குமா?

கட்டு78 | ஜூன் 3, இரவு 10.25

நிற்கும், ஆனால் வாசகர் உங்களுக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவார். டாரட் வரும் கதைகள் பலவற்றில் மரணச் சீட்டு வருகிறது. "சாவு இல்லை, மாற்றம்" என்ற வரி எல்லா அறிமுகப் புத்தகத்திலும் உண்டு. ஆயா தானாகக் கண்டுபிடித்த சொல்லாக அது கேட்காது.

பதற்றத்துக்கென்றே ஒரு சீட்டு இருக்கிறது, வாள் ஒன்பது. ஒரு பெண் நடுராத்திரியில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் முழுக்கக் கறுப்பு. அதில் ஒன்பது வாள் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. உங்கள் திவ்யாவின் படமே அது. அதை விட்டுவிட்டு எலும்புக்கூட்டுக்கு ஏன் போகவேண்டும்?

அதியன் | ஜூன் 4, காலை 7.02

டாரட் எகிப்திலிருந்து வந்தது. பழைய கோயில் பூசாரிகள் ரகசியமாகப் படமாக வரைந்து வைத்தது. ஆயா நம்ம குலதெய்வக் கோயிலோடு அதை முடிச்சுப் போடலாமே. அந்தக் கோணத்தில் போனால் கதைக்குக் கனம் வரும்.

கட்டு78 | ஜூன் 4, காலை 8.40

அதியன், எகிப்துக் கதையை 1781-ல் பாரிஸில் கூர் த ஜெபலென் என்பவர் எழுதி வைத்தார். அதற்கு ஆதாரம் இல்லை. சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தவை, விளையாடுவதற்காக. குறி பார்ப்பதெல்லாம் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது.

ஆனால் கோயிலோடு முடிச்சுப் போடலாம் என்பது நல்ல யோசனை. வரலாற்று வழியில் வேண்டாம், ஆயாவின் பழக்கம் வழியாகப் போடலாம். ராத்திரி வந்து எழுதுகிறேன்.

மாந்தோப்பு | ஜூன் 4, மதியம் 1.15

வாள் ஒன்பது பார்த்தேன். பிடித்துவிட்டது. மூன்று சீட்டையும் மாற்றிவிட்டேன்: வாள் எட்டு, வாள் ஒன்பது, வாள் பத்து. கண் கட்டப்பட்டவள், தூங்காதவள், கடைசியில் முதுகில் பத்து வாளோடு விழுந்து கிடப்பவன். வேதனை படிப்படியாக ஏறுகிறது. வாள் ஒன்பதில் அவள் காலை மூடியிருக்கும் போர்வையை வைத்து ஒரு பத்தி இங்கே:

"போர்வையில் மேஷத்தின் ஆடும் மீனத்தின் மீனும் பின்னியிருந்தன. ஆயா விரலால் தடவினாள். இது நம்ம ராசிக் கட்டம்தான்டி, என்றாள்."

கட்டு78 | ஜூன் 4, இரவு 9.55

இரண்டு திருத்தம்.

முதலாவது, எட்டு, ஒன்பது, பத்து என்று வரிசையாக வந்தால், சீட்டு தெரிந்தவர் "கட்டை யாரும் கலைக்கவே இல்லை" என்பார். புதுக்கட்டு அட்டைப்பெட்டியிலிருந்து பெரும்பாலும் வரிசையாகத்தான் வரும். திவ்யா வாங்கி அப்படியே பெட்டியில் போட்டிருந்தால் வரிசை குலையாமல் இருக்கும். ஒரே ஜாதிச் சீட்டு அடுத்தடுத்த எண்ணில் வருவது கலைத்தது போதாது என்பதற்கு அடையாளம். அதை வேண்டுமென்றே ஆயாவின் ஆரம்பகாலத் தப்பாக வைத்தால் அழகாக இருக்கும். உச்சக்காட்சியில் வேண்டாம்.

கலைப்பதையும் எழுதுங்கள். 78 சீட்டு, ஒவ்வொன்றும் சுமார் 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ரம்மி சீட்டைவிடப் பெரிசு. விரல் முட்டி வலிக்கிற கிழவிக்கு ரம்மிக்காரன் மாதிரி சடசடவென்று கலைக்க வராது. துணி விரித்து எல்லாச் சீட்டையும் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் நெல் கிளறுகிற மாதிரி வட்டமாகக் கிளறுவாள். அது நல்ல முறையும்கூட. ஒன்று மட்டும் பார்க்கணும். இப்படிக் கிளறினால் சில சீட்டு தலைகீழாகத் திரும்பிவிடும். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பலன் சொல்பவர்கள் உண்டு, எல்லாவற்றையும் நேராக்கிப் படிப்பவர்களும் உண்டு. உங்கள் ஆயா எந்த ஆள் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தப் போர்வை. கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் ரோஜா, அடுத்த கட்டத்தில் ராசிக்குறி. ஆனால் ஆடு, மீன் படமெல்லாம் கிடையாது. மேல்நாட்டு சோதிடத்தில் போடும் கோட்டுக்குறிகள்தான். நம்ம பஞ்சாங்கம் பார்த்த ஆயாவுக்கு அது ராசி என்றே தெரியாது. அவள் பார்ப்பது ஒட்டுப்போட்ட போர்வை. பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை அவள் வீட்டிலேயே இருக்கும். "இத்தனை துண்டையும் உட்கார்ந்து தைச்சவ யாரோ" என்று அவள் கேட்டால் அது அவள் வாயிலிருந்து வந்த பேச்சு. பேத்தி வாளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஆயா போர்வையைப் பார்க்கிறாள்.

இன்னொன்று, அந்த ஒன்பது வாளில் ஒன்றுகூட அவள்மேல் குத்தவில்லை. பத்தாம் சீட்டில்தான் குத்துகிறது.

அதியன் | ஜூன் 5, காலை 6.50

ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? சீட்டோடு வரும் சின்னப் புத்தகம் இங்கிலீஷில்தானே இருக்கும். யார் சொல்லிக்கொடுத்தது?

கட்டு78 | ஜூன் 5, காலை 9.30

நல்ல கேள்வி. இதற்குப் பதில் கட்டிலேயே இருக்கிறது. 1909-ல் லண்டனில் வந்த ரைடர் கட்டுக்குப் படம் போட்டவர் பமேலா கோல்மன் ஸ்மித். வாள், கோல், கோப்பை, காசு என்று நாலு ஜாதியில் வரும் சின்னச் சீட்டுகள் 56-ல் பெரும்பாலானவற்றுக்கு அவர் மனிதர்களை வைத்துக் காட்சி வரைந்தார். அதற்கு முந்தைய மார்செய் கட்டில் வாள் ஒன்பது என்றால் ஒன்பது வாள் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது. அந்தக் கட்டை ஆயா கையில் கொடுத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். ரைடர் கட்டை எழுத்து தெரியாமலே படிக்கலாம்.

எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். சுவர்க் கடிகாரம் பார்த்துப் பழகினவளுக்கு ஒன்பதும் பத்தும் தெரியும். ஒரே இடத்தில் தடுக்கும். பல கடிகாரங்களில் நாலுக்கு நாலு கோடு நிற்கும், சீட்டில் வேறு மாதிரி இருக்கும். நாலையும் ஆறையும் அவள் மாற்றிப் படிக்கலாம்.

தினம் ஒரு சீட்டு என்று விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 78 நாள். அவளாகவே பேர் வைப்பாள். கோல் பத்தில் ஒருவன் பத்துக் கம்பையும் கட்டிப் பிடித்துக் குனிந்து போவான், அவன் "வெறகுக்காரன்". கோப்பை ஐந்தில் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கும், இரண்டு பின்னால் நிற்கும். கறுப்பு அங்கிக்காரன் கவிழ்ந்ததையே பார்ப்பான். அவன் "பின்னால பாக்காதவன்".

மரணச் சீட்டை ஒருவேளை வைத்தே ஆகணும் என்றால் இந்த வழியில் வையுங்கள். பெரிய சீட்டுகள் 22-க்கும் கீழே இங்கிலீஷில் பேர் அச்சிட்டிருக்கும். 13-ல் "டெத்" என்று இருக்கும். திவ்யா எழுத்தைப் படித்துப் பயப்படுவாள். எழுத்து தெரியாத ஆயா வெள்ளைக் குதிரை, கொடித்துணியில் ஒரு வெள்ளைப்பூ, முட்டி போட்ட குழந்தை, தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன் இவற்றைப் பார்ப்பாள்.

கேஆர்பிடேம் | ஜூன் 5, இரவு 11.48

வணக்கம். என் பெண்ணும் இப்படித்தான். பரீட்சை எழுதி இரண்டு மாதம் ஆகிறது, மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. கிருஷ்ணகிரி பக்கம் இந்த சீட்டு பார்ப்பவர் யாராவது இருந்தால் விலாசம் கொடுங்கள். எவ்வளவு கேட்பார்கள்?

வார்டு அக்கா | ஜூன் 6, காலை 5.35

கேஆர்பிடேம் அண்ணா, இது கதை எழுதுகிற பேச்சு. ஆனாலும் உங்கள் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது. மூன்று வாரம் தூக்கம் இல்லை என்றால் சீட்டு பார்ப்பவர் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் பேசணும் என்றால் 14416, டெலி மானஸ். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். சாப்பாடு குறைந்திருக்கிறதா, "நான் இருந்து என்ன" மாதிரி ஏதாவது சொன்னாளா என்று கேளுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கே போகணும்.

மாந்தோப்புக்கு ஒரு வார்த்தை. கதையில் பேத்தி தூங்கிவிடுகிற இடம் எனக்கு ஒப்பவில்லை. பதற்றக்காரிக்கு நல்ல வார்த்தை சொன்னால் நிம்மதி வரும், உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அப்புறம் "நிஜமாவா? சரியாப் பாத்தியா?" என்று திரும்பக் கேட்பாள். திரும்பச் சொன்னால் திரும்ப நிம்மதி, இந்தத் தடவை அதைவிடக் குறைந்த நேரத்துக்கு. போனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதுவும் ஒரே பழக்கம். கேட்கக் கேட்கப் பயம் வளரும். ஆகவே சீட்டு முடிந்ததும் அவள் சொல்லப்போகிற முதல் வார்த்தை "இன்னொரு தடவை எடு ஆயா." உங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கேஆர்பிடேம் | ஜூன் 6, காலை 6.20

நன்றி தாயி. அந்த நம்பரைக் குறித்துக்கொண்டேன். இன்றைக்குக் கூட்டிப்போகிறேன்.

கட்டு78 | ஜூன் 6, இரவு 8.15

வார்டு அக்கா சொன்னதைக் கணக்காகவும் காட்டலாம். திவ்யா கண்ணுக்குப் பயமாகத் தெரியும் சீட்டு ஏழு என்று வைத்துக்கொள்வோம்: வாளில் மூன்று, எட்டு, ஒன்பது, பத்து, பெரிய சீட்டில் மரணம், சாத்தான், இடிவிழும் கோபுரம். 78-லிருந்து மூன்று எடுக்கும்போது இந்த ஏழில் ஒன்றாவது வர வாய்ப்பு நாலில் ஒன்று. ஒரே ராத்திரியில் நாலு தடவை கலைத்து எடுத்தால் எப்போதாவது ஒன்று வந்துவிட வாய்ப்பு நூற்றுக்கு 68.

பதற்றக்காரி நல்ல சீட்டு வந்ததும் நிறுத்தமாட்டாள், உறுதிப்படுத்த இன்னொன்று கேட்பாள். கெட்டது வந்தால் அதை மாற்ற இன்னொன்று கேட்பாள். எடுத்துக்கொண்டே போனால் பயங்கரச் சீட்டு வந்தே தீரும். அது விதி இல்லை, எண்ணிக்கை. சீட்டு பழகினவர்கள் ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை எடுக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் அதியன் சொன்ன கோயில் வருகிறது. ஆயாவுக்கு இந்த ஒழுங்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அம்மன் கோயிலில் வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வதை அவள் ஆயுசு முழுக்கப் பார்த்திருப்பாள். வந்த பூ பிடிக்கவில்லை என்று மறுபடி போடுவதில்லை. சந்தையில் கிளி ஜோசியரிடமும் கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நெல்மணி வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். "கிளி உள்ள போயிருச்சு சாமி" என்று ஆயா சொன்னால் போதும். விளக்கம் எதுவும் வேண்டாம்.

அதியன் | ஜூன் 6, இரவு 9.01

பூ போட்டு மறுபடி கேட்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் மூன்று தடவை போட்டு இரண்டு தடவை ஒரே பூ வந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

கட்டு78 | ஜூன் 6, இரவு 9.20

அப்படியும் உண்டு, ஏற்கிறேன். ஆனால் "மூன்று" என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? எத்தனை தடவை என்பதை வந்த பூவைப் பார்த்து மாற்றுவதில்லை. ஆயா பிடித்து நிற்கவேண்டிய கோடு அதுதான்.

மாந்தோப்பு | ஜூன் 8, இரவு 10.40

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். முன்பு, இப்போது, இனி என்பதை எடுத்துவிட்டேன். "இனி" என்று ஒரு இடம் இருந்தால் பேத்தி அதையே பிடித்துத் தொங்குவாள். ஆயா மூன்று இடத்துக்கும் அவளே பேர் வைக்கிறாள்: உன்ன எது அழுத்துது, உன் கையில என்ன இருக்கு, இன்னிக்கி ராத்திரி என்ன பண்ணலாம். "பாஸா பெயிலா?" என்று பேத்தி முதலில் கேட்கும்போது, "பேப்பர் திருத்தறவன்கிட்ட போய்க் கேளு, எனக்குத் தெரியாது" என்கிறாள்.

வாள் ஒன்பது, காசு ஏழு, பெரிய சீட்டில் 14. படியுங்கள்:

"ரெண்டாவது சீட்டைத் திருப்பினாள். தோட்டக்காரன் ஒருத்தன் கொத்துக் காம்புமேல் மோவாயை வைத்துச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். செடியில் ஆறு காசு, காலடியில் ஒன்று.

'இவன் களையெடுத்து முடிச்சிட்டான். தண்ணி கட்டிட்டான். இனிமே செடி பாத்துக்கும். நின்னு பாத்தா மட்டும் சீக்கிரம் காய்க்குமா?'

'காய்க்காட்டி?'

'காய்க்காட்டி அடுத்த போகம். காலடியில ஒண்ணு கெடக்குது பாரு, அதை அவன் இன்னும் எடுக்கல.'

மூன்றாவதில் றெக்கை வைத்த ஒருத்தி ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் தரையில். ஆயா சிரித்தாள். 'இவ ஆத்தறா.'

'ஆயா, அது டெம்பரன்ஸ். நிதானம்னு அர்த்தம்.'

'ஆத்தறா சாமி. சூடா இருக்குது, ஆத்தறா.'

திவ்யா சீட்டுகளை வாரி எடுத்தாள். 'இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை ஆயா.'

'கிளி உள்ள போயிருச்சு.' ஆயா கட்டைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தம். இரண்டு டம்ளரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். திவ்யா போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்."

வார்டு அக்கா | ஜூன் 9, காலை 5.10

மறுபடி எடுத்தாள் என்று விட்டது சரி. தூங்கவைக்காமல் விட்டீர்களே, அதுதான் உண்மை. அந்த ராத்திரி அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மறுத்தவுடன் பதற்றம் முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும். கொஞ்சம் கோபப்படவும் செய்வாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆயாவைத் திட்டுகிற ஒரு வரி இருக்கலாம்.

அதியன் | ஜூன் 9, காலை 7.30

மூன்று சீட்டும் கதைக்கென்றே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. காத்திருப்பவளுக்குக் காத்திருக்கிறவன் சீட்டு வருகிறது. நம்ப முடியவில்லை. ஒரு சம்பந்தமில்லாத சீட்டு வந்து ஆயா திணறினால் என்ன?

கட்டு78 | ஜூன் 9, காலை 10.05

எந்த மூன்று வந்தாலும் சொல்பவர் பொருத்திச் சொல்லிவிட முடியும் என்பதுதான் டாரட்டின் பலமும் பலவீனமும். ஆனாலும் அதியன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசு ஏழை எடுத்துவிட்டு, கோல் வீரன் மாதிரி ஒருவனைப் போட்டுப் பாருங்கள். பாயும் குதிரைமேல் ஒருவன், பின்னால் பாலைவனம், கையில் ஒரு தடி. "இவன் யாருன்னு எனக்கே தெரியல, மறந்துட்டேன்" என்று ஆயா சொல்லலாம். பழகின புதிதில் எல்லோருக்கும் முதலில் மறந்துபோவது ராஜா, ராணி, வீரன், சேவகன் அடங்கிய அந்தப் பதினாறு சீட்டுதான். எனக்கு இரண்டு வழியும் பிடித்திருக்கிறது. தோட்டக்காரனை விடவும் மனசு வரவில்லை.

கொத்துக் காம்பு பற்றிச் சின்ன விஷயம். படத்தில் இருப்பது நீளக் காம்பு. நம்ம ஊர்க் களைக்கொத்தில் மோவாயை வைக்க முடியாது, குனிந்துதான் வெட்டணும். ஆயாவுக்கு அது உடனே கண்ணில் படும். "காம்பு எவ்ளோ நீளம் பாரு, இவன் குனியவே மாட்டான் போல" என்று சொல்லவிடுங்கள்.

ஓசூர்க்காரி | ஜூன் 9, மாலை 6.44

இப்போதுதான் படித்தேன். எங்கள் பக்கம் அவ்வா என்போம். பாலக்கோடு என்றால் ஆயா சரிதான், ஆனால் பேத்தி பெங்களூரில் வளர்ந்தவள் என்றால் பாட்டி என்று கூப்பிட மாட்டாளா?

மாந்தோப்பு | ஜூன் 9, இரவு 9.30

அவள் வளர்ந்தது பாலக்கோட்டில்தான். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை மட்டும். ஹாஸ்டலில் பேசும்போது பாட்டி என்பாள், வீட்டு வாசப்படி ஏறினதும் ஆயாதான். அதை ஒரு வரியில் சேர்க்கிறேன்.

அக்கா சொன்ன திட்டு வரியைச் சேர்த்துவிட்டேன். தோட்டக்காரனா வீரனா என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கிறேன்.

கேஆர்பிடேம் | ஜூன் 12, இரவு 8.05

டாக்டரைப் பார்த்தோம். மறுபடி பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் என்னிடம் இருக்கிறது, அவளே கொடுத்துவிடுகிறாள். கதை முடிந்ததும் இங்கே போடுங்கள் தம்பி, அவளுக்குப் படித்துக் காட்டணும்.